மழையால் செஞ்சிப் பயணம் ரத்து: அறிவிப்பு எழுதுவதும் அட்வான்ஸைத் தீர்ப்பதும்

நண்பர்களையும் அக்கம்பக்கத்தவர்களையும் சேர்த்து முதல் தடவை ஒரு குழுப் பயணம் ஏற்பாடு செய்கிறவர்கள், பஸ்ஸையும் சாப்பாட்டையும் பற்றி நிறைய யோசிப்பார்கள். மழை வந்தால் என்ன செய்வது என்பதை மழை வந்த பிறகுதான் யோசிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தாம்பரத்திலிருந்து ஒரு நடைக்குழுவைக் கூட்டிக்கொண்டு போன முதல் வருடம், சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, “மழை மாதிரி இருக்கு, காலையில் பார்த்துச் சொல்கிறேன்” என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலை நாலரைக்கு ரத்து என்று அடித்து அனுப்பினேன். அதைப் பார்க்காத ஒரு வயதான தம்பதி, பெருங்களத்தூர் நிறுத்தத்தில் ஐந்து மணியிலிருந்து ஒரே குடையில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த ஐயா போன் செய்து கோபப்படவில்லை, “பஸ் எங்க வருது தம்பி?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அதற்கப்புறம் நான் கடைப்பிடிக்கிற வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு, நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பது பேருடன் போவதாக இருந்து மழையால் தள்ளிப்போன செஞ்சிக் கோட்டைப் பயணம்.

முடிவெடுக்கும் நேரத்தை முதலில் குறியுங்கள்

ரத்து செய்யலாமா என்பதை வானத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எத்தனை மணிக்கு முடிவு செய்வோம் என்பதைப் பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். எங்கள் கணக்கு, முந்தின நாள் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. இந்த நேரம் சும்மா வைத்ததில்லை. செஞ்சியில் மதியச் சாப்பாடு செய்து தருகிற அம்மா, சனிக்கிழமை சாயங்காலம்தான் காய்கறி வாங்கப் போவார். பஸ்காரர் ஆறு மணிக்குள் சொன்னால் வண்டியை வேறு சவாரிக்குக் கொடுத்துவிட முடியும் என்றார். தூரத்திலிருந்து வருகிற இரண்டு மூன்று பேர் சனி இரவே தாம்பரத்துக்கு வந்து உறவினர் வீட்டில் தங்குவார்கள். மூன்று மணிக்குச் சொன்னால் இந்த மூன்று தரப்புக்கும் பெரிய நஷ்டம் இல்லை. இரவு ஒன்பதுக்குச் சொன்னால் மூன்று தரப்புக்குமே நஷ்டம்.

எதைப் பார்த்து முடிவெடுப்பது? சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட வாரியான எச்சரிக்கையைப் பாருங்கள். புதியவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு, சென்னைக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பது. நாம் மலை ஏறப்போவது விழுப்புரம் மாவட்டத்தில். வழியில் செங்கல்பட்டு மாவட்டமும் இருக்கிறது. இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். சென்னையில் வெயிலடிக்க, திண்டிவனம் பக்கம் கொட்டித் தீர்க்கிற நாட்கள் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. பெய்தது.

அறிக்கையின் சொற்களுக்குத் திட்டமான பொருள் இருக்கிறது. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை என்றால் 12 முதல் 20, அதற்கு மேல் போனால் அதி கனமழை. “ஓரிரு இடங்களில்” என்று போட்டிருந்தால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாது என்று அர்த்தம். மஞ்சள் எச்சரிக்கையும் “ஓரிரு இடங்களில்” என்ற சொல்லும் சேர்ந்து வந்தால், சமதளத்தில் நடக்கிற நிகழ்ச்சியை நான் ரத்து செய்ய மாட்டேன். செஞ்சி அப்படியில்லை. நாம் ஏறுகிற ராஜகிரி மலை முழுக்கப் பாறை. செங்குத்தான படிகள் ஈரத்தில் வழுக்கும், இடி மின்னல் வந்தால் மேலே போய்விட்டவர்கள் சட்டென்று இறங்கவும் முடியாது. அதனால் எங்கள் விதி எளிது: விழுப்புரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு என்றால் பயணம் இல்லை. மஞ்சள் என்றால் இடியுடன் கூடிய மழை என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்போம், போட்டிருந்தால் அப்போதும் இல்லை. இன்னொன்று, சனி இரவு பெய்து ஞாயிறு காலை நின்றுவிட்டாலும் பாறை காயாது. “மழைதான் நின்னுடுச்சே” என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். சொல்லட்டும்.

அந்தச் சனிக்கிழமை மதிய அறிக்கையில் விழுப்புரத்துக்கு ஆரஞ்சு வந்திருந்தது. யோசிக்க வேலையே இல்லை.

அறிவிப்புக்கு முன்னால் மூன்று போன்

உடனே குழுவில் போட்டுவிடாதீர்கள். போட்ட மறுநிமிடம் “எப்போ போறோம்?”, “பணம் என்னாச்சு?” என்று இரண்டு கேள்விகள் வரும். பதில் இல்லாமல் அறிவித்தால், அந்த இடைவெளியை முப்பது பேரும் ஆளுக்கொரு யோசனையால் நிரப்புவார்கள். ஒரு மணி நேரத்தில் இருநூறு செய்திகள் சேர்ந்து, உங்கள் அறிவிப்பு அடியில் புதைந்துவிடும்.

முதல் போன் பஸ்காரருக்கு. மொத்த வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 5,000. “அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள்” என்று ஆரம்பித்தால் பேச்சு முறுகும். “அண்ணே, மழை எச்சரிக்கை வந்திருக்கு, தேதியை மாத்திக்கிறோம், இந்த அட்வான்ஸை அப்படியே அதுக்கு வச்சுக்குங்க” என்றேன். மூன்று மாதத்துக்குள் எடுத்தால் முழுதும் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். முழுக்க ரத்து என்றால் 2,000 பிடிப்பாராம். இதுபோல இரண்டு பதிலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவேளை புதிய தேதிக்கு ஆள் சேராமல் போனால் அந்த இரண்டாவது பதில்தான் கைகொடுக்கும்.

இரண்டாவது சாப்பாட்டுக்கார அம்மாவுக்கு. அட்வான்ஸ் 2,000. காய்கறி இன்னும் வாங்கவில்லை, அதனால் அவரும் தேதி மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டார். வாங்கியிருந்தால் அந்தச் செலவை நாம்தான் ஏற்க வேண்டும். அதில் பேரம் பேசுவது சரியில்லை.

போனில் பேசியதை அன்றே எழுத்தில் அனுப்பி, ஒரு “சரி”யாவது பதிலாக வாங்கிவிடுங்கள். “அண்ணே, நவம்பர் 22 சவாரி ஜனவரி 31க்கு மாற்றம். வாடகை 18,000, கொடுத்த அட்வான்ஸ் 5,000 போக மீதி 13,000. சரிதானே?” இவ்வளவு போதும். இரண்டு மாதம் கழித்து அவர் மகன் போனை எடுத்து, “எந்த அட்வான்ஸ் சார்?” என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்று வேண்டும்.

மூன்றாவது போன், பயணத்துக்கு உதவுகிற இன்னொருவருக்கு. புதிய தேதியை இருவரும் சேர்ந்து முடிவு செய்கிற பேச்சு இது. அடுத்த வாரமே என்று சொல்லத் தோன்றும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீளும், அதனால் அடுத்த வாரமும் இதே கதையாகலாம். ஜனவரி முதல் பாதியில் எல்லோருக்கும் பொங்கல் நினைப்பு. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் போன சென்னை முழுவதும் திண்டிவனம் வழியாகத்தான் திரும்பி வரும். செங்கல்பட்டில் மூன்று மணி நேரம் நின்றவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று தெரியும். அடுத்தது குடியரசு தினத்தை ஒட்டிய வாரம், வண்டி வாடகை ஏறியிருக்கும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்து ஜனவரி 31 ஞாயிறு என்று வைத்தோம். குழுவில் வாக்கெடுப்பு வைக்கவில்லை. முப்பது பேரிடம் தேதி கேட்டால் முப்பது தேதி வரும். ஒன்றைச் சொல்லி, வர முடியுமா முடியாதா என்று கேட்பதுதான் முடிகிற வேலை.

அறிவிப்பு

போனில் வரும் செய்தியின் முதல் வரி மட்டுமே திரையில் தெரியும். அது “அன்பு நண்பர்களே, வணக்கம்” என்று இருந்தால் பலர் திறக்கவே மாட்டார்கள். வணக்கத்தை இரண்டாவது வரிக்குத் தள்ளுங்கள். நாங்கள் அனுப்பியது இது:

> நாளை ஞாயிறு, நவம்பர் 22 செஞ்சிப் பயணம் இல்லை. மழையால் தள்ளிவைத்துள்ளோம்.
>
> வணக்கம். விழுப்புரம் மாவட்டத்துக்கு நாளை ஆரஞ்சு எச்சரிக்கை வந்துள்ளது. ஈரப்பாறையில் ஏறுவது ஆபத்து. நாளை காலை மழை நின்றாலும் பயணம் கிடையாது. தாம்பரம், பெருங்களத்தூர், செங்கல்பட்டு எந்த நிறுத்தத்துக்கும் பஸ் வராது.
>
> புதிய தேதி: ஜனவரி 31, ஞாயிறு. அதே நேரம், அதே நிறுத்தங்கள்.
>
> பணம்: நீங்கள் கட்டிய 1,100 ரூபாய் புதிய தேதிக்கு அப்படியே செல்லும். அன்று வர முடியாதவர்களுக்கு 980 ரூபாய் திரும்ப வரும். பிடிக்கும் 120இல், 90 உங்கள் தொப்பிக்கு (தொப்பி உங்களிடம் வந்துசேரும்), 30 ஏற்கெனவே வாங்கி வீணாகும் உணவுக்கு.
>
> செய்ய வேண்டியது: “வருகிறேன்” அல்லது “வரவில்லை” என்று புதன் இரவு 9 மணிக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம். அடுத்த சனிக்கிழமைக்குள் பணம் வந்துவிடும்.

“மழை நின்றாலும் பயணம் கிடையாது” என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் காலை ஐந்து மணிக்கு ஜன்னலைத் திறந்து பார்த்து, சாரல்கூட இல்லையே என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஓரிருவர் இருப்பார்கள். “ஒத்திவைக்கப்படலாம்”, “பெரும்பாலும் இருக்காது” போன்ற வழவழ சொற்களும் வேண்டாம். “தனியாக அனுப்புங்கள்” என்றதற்கும் காரணம் உண்டு. குழுவில் நான்கு பேர் வரிசையாக “வரவில்லை” என்று போட்டால், வர நினைத்தவரும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

அனுப்பியதும் செய்தியைக் குழுவின் மேலே பின் செய்யுங்கள். அன்று இரவு மட்டும் நிர்வாகிகள் தவிர வேறு யாரும் எழுத முடியாதபடி வைத்தாலும் தப்பில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, அந்தச் செய்தியின் விவரத்தைத் திறந்து யார் யார் படித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். படிக்காதவர்களுக்குப் போன். எங்களுக்கு அன்று ஏழு பேர் பாக்கி. செய்தியைத் திறக்காமல் திரையில் தெரிவதை மட்டும் படித்தவர்களும் அந்தப் பட்டியலில் வருவார்கள், அதனால் சிலர் “பார்த்துட்டேனே” என்பார்கள். பரவாயில்லை. பெருங்களத்தூர் தம்பதிக்கு மட்டும் நான் செய்தியை நம்புவதே இல்லை, நேராகப் போன்தான்.

அந்த 980 எப்படி வந்தது

இந்தக் கணக்கை அறிவிப்புக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். ஆளுக்கு 1,100 என்பது இப்படிப் பிரிந்திருந்தது: பஸ் 600, மதியச் சாப்பாடு 180, காலை டிபனும் தேநீரும் 130, தொப்பி 90, நுழைவுச்சீட்டு, டிரைவர் பேட்டா, சில்லறை 100. முப்பது பேருக்கு மொத்த வசூல் 33,000.

மழை நாள் வரை வெளியே போனது 10,600. பஸ் 5,000, சாப்பாடு 2,000, தொப்பி அச்சடித்து வாங்கியது 2,700, வெள்ளிக்கிழமையே வாங்கிய வாழைப்பழம், பன் வகையறா 900. கையில் 22,400.

இங்கே புதியவர்கள் எல்லாவற்றையும் “செலவு” என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். அந்த 10,600ஐ முப்பதால் வகுத்து, வராதவரிடம் 350 ரூபாய் பிடித்து, கெட்ட பெயர் வாங்குகிறார்கள். உண்மையில் இதில் மூன்று வகை இருக்கிறது. பஸ், சாப்பாடு அட்வான்ஸ் 7,000 எங்கும் போகவில்லை, ஜனவரிக்காகக் காத்திருக்கிறது. தொப்பி ஒரு பொருள், ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிடலாம். போயே போனது பழமும் பன்னும் மட்டும், 900 ரூபாய். அதை முப்பதால் வகுத்தால் ஆளுக்கு 30. (பழத்தை அன்று மாலையே தெருவில் பகிர்ந்துகொடுத்தோம், அதனால் வீண் என்பதுகூடச் சரியான சொல் இல்லை.)

பஸ் பங்கு 600ஐ வராதவர்களுக்குத் திருப்பித் தர வேண்டுமா? இதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கருத்து, தேதியை மாற்றியது நாம், அந்தப் புதிய தேதி அவருக்கு ஒத்துவராதது அவர் குற்றமில்லை. அதனால் தர வேண்டும். மழைக்கு முன்பே சொந்தக் காரணத்தால் விலகியவருக்கு இது பொருந்தாது, அவருக்குப் பதில் ஆள் கிடைத்தால் மட்டுமே திருப்புவோம். இந்த வித்தியாசத்தையும் பணம் வாங்கும்போதே எழுதி வைத்திருந்தோம்.

ஆனால் இப்படித் தாராளமாகத் திருப்பினால் எங்கே இடிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஏழு பேர் “வரவில்லை” என்றார்கள். அவர்களுக்கு 6,860 போனது, கையில் 15,540. இருபத்துமூன்று பேரோடு ஜனவரியில் போக இன்னும் தேவைப்படுவது: பஸ் மீதி 13,000, சாப்பாடு மீதி 2,140, டிபன் 2,990, மற்றவை 2,300. கூட்டினால் 20,430. துண்டு விழுவது 4,890. எங்கிருந்து வந்தது இந்த ஓட்டை? ஏழு பேரின் பஸ் பங்கு 4,200, மீதி 690 என்பது தங்கியிருப்பவர்களின் பழக்கணக்கு, ஆளுக்கு 30. பஸ் வாடகை ஆள் குறைந்தால் குறையாது, அதுதான் விஷயம்.

அடைக்க ஒரே வழி, காலியான இடத்துக்கு ஆள் சேர்ப்பது. முதலில் இடம் கிடைக்காமல் காத்திருந்தவர்களில் ஐந்து பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் கட்டும் 1,100இல் சாப்பாடு, டிபன், தொப்பி, சில்லறை எல்லாம் போக 600 மிஞ்சும், ஐந்து பேருக்கு 3,000. இன்னும் 1,890 குறைந்தது. இருபத்தெட்டு பேரிடமும் ஆளுக்கு 70 கேட்டு வாங்கினோம். புதிதாக வந்தவர் பழைய பழத்துக்கு ஏன் தர வேண்டும் என்று கணக்குப் பார்க்கலாம்தான். அந்த அளவுக்கு நான் போகவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மிஞ்சிய 70 ரூபாய் திண்டிவனம் டீக்கடைக்குப் போனது.

பணத்தைத் திருப்பும்போது

எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே அனுப்புங்கள். “என் பொண்ணு நம்பருக்குப் போட்டுடுங்க” என்றால் மறுத்துவிடுவது நல்லது. மூன்று பேருக்கு ஒருவர் சேர்த்துக் கட்டியிருந்தால் அவருக்கே மொத்தமாகப் போக வேண்டும், உள்கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். குறிப்பில் “செஞ்சி திருப்பம் 980” என்று போடுங்கள், பிறகு தேட வசதி.

பயணம் முழுவதுமாக ரத்தாகி எல்லோருக்கும் திருப்ப வேண்டிய நிலை வந்தால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. யுபிஐயில் ஒரு நாளைக்கு 20 பரிமாற்றம் வரைதான் பல வங்கிகளும் செயலிகளும் விடும். இருபத்தொன்றாவது ஆளுக்குப் பணம் போகாமல் நின்றால், “அவருக்கு வந்துடுச்சு, எனக்கு வரலையே” என்று கிளம்பிவிடும். இரண்டு நாளாகப் பிரித்து, யாருக்கு எந்த நாள் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

திருப்பித் தருகிற நாட்களில் குழுவை ஒட்டி ஏமாற்றுக்காரர்களும் வரலாம், குறிப்பாகக் குழுவின் அழைப்பு இணைப்பு வெளியே சுற்றியிருந்தால். உங்கள் படத்தை வைத்துக்கொண்டு புது எண்ணிலிருந்து ஒரு கியூஆர் படம் அனுப்பி, “ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வரும்” என்பார்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை, பின் போட்டால் நம் பணம்தான் வெளியே போகும். அதனால் அறிவிப்புக்கு மறுநாள் இரண்டு வரி போடுவேன்: “பணம் தானாக உங்கள் கணக்குக்கு வரும். நான் எந்தக் கியூஆரும் இணைப்பும் அனுப்ப மாட்டேன்.”

புதன் இரவுக்குள் பதில் சொல்லாதவர்களை என்ன செய்வது? பதில் இல்லை என்றால் வருகிறார் என்று எடுத்துக்கொள்வது சுலபம், ஆனால் ஜனவரி 31 காலையில் அந்த இருக்கை காலியாக இருக்கும். வியாழக்கிழமை போன் செய்து வாயால் கேட்டுவிடுங்கள். அன்று நான்கு பேர் பாக்கி. மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள். நான்காமவர் போனை எடுக்கவே இல்லை. அவர் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். ஜனவரி 30 இரவு, “நாளைக்கு எத்தனை மணிக்குப் பஸ்?” என்று அவரே கேட்டார்.